ஒரு பாஸ்போர்ட், இரண்டு முகங்கள்

2018 செப்டம்பரில், ஜெர்மனியைச் சேர்ந்த ‘பெங்’ என்ற போராட்டக் கலைஞர் குழு ஒரு பாஸ்போர்ட்டை வெளியே காட்டியது. அது போலி பாஸ்போர்ட் இல்லை. அரசு அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிய அசல். அதில் இருந்த முகத்தில்தான் விவகாரம். பாதி முகம் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவருடையது. மறு பாதி, அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் துறைத் தலைவராக இருந்த ஃபெடரிகா மொகெரினியுடையது. இரண்டு பேரின் படங்களையும் கணினியில் கலந்து உண்டாக்கிய ஒரு புது முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படிச் செய்ய முடியும் என்பது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே தெரிந்த விஷயம். இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தேயோ ஃபெராரா, அன்னலீசா ஃபிராங்கோ, தாவிதே மால்த்தோனி ஆகிய மூவரும் 2014-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ‘மாயப் பாஸ்போர்ட்’ என்று அதற்குத் தலைப்பு. இரண்டு பேரின் படங்களைக் கலந்து செய்த படத்தை, சந்தையில் விற்பனையில் இருந்த இரண்டு முக ஒப்பீட்டு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் படம் முதல் ஆளுக்கும் பொருந்தியது, இரண்டாவது ஆளுக்கும் பொருந்தியது. ஒரே பாஸ்போர்ட்டில் இரண்டு பேர் பயணம் செய்யலாம் என்று அவர்கள் அன்றே எச்சரித்தார்கள். பின்னாளில் ஸ்லோவேனியாவின் போலீசார், இப்படிக் கலந்த படத்தோடு எடுத்த அசல் பாஸ்போர்ட்டுகளை நிஜமாகவே பிடித்தார்கள். ஆய்வகத்தில் தொடங்கிய விஷயம் விமான நிலையத்துக்கு வந்துவிட்டது.

இந்த மோசடிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர், போலீஸ் தேடும் ஆள் என்று வைத்துக்கொள்வோம். தன் சொந்தப் பெயரில் அவரால் எல்லையைத் தாண்ட முடியாது. இன்னொருவர், எந்த வழக்கும் இல்லாத அவருடைய கூட்டாளி. கூட்டாளிதான் தன் உண்மையான பெயர், உண்மையான பிறப்புச் சான்றிதழோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகிறார். கையில் கொண்டுபோகும் படம் மட்டும் இருவரின் கலவை. கவுன்ட்டரில் இருப்பவர் படத்தைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார். ஜாடை ஒத்துப்போகிறது. வெளிச்சத்தில், மேக்கப்பில், நல்ல ஸ்டூடியோவில் எடுத்த படம் என்றால் இவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்து விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிடுகிறார். சில வாரங்களில் பாஸ்போர்ட் வந்துவிடும். அதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறப்போவது தேடப்படும் ஆள்.

படம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிடிப்பதற்கான வழிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மங்கலாக்கினால் நான்கு கண்ணும் இரண்டு வாயுமாகப் பேய் போலத்தான் தெரியும். அதனால் மென்பொருள் முதலில் ஒவ்வொரு முகத்திலும் அடையாளப் புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. கண்ணின் ஓரங்கள், புருவ வளைவு, மூக்கு நுனி, உதட்டின் விளிம்பு, தாடைக் கோடு என்று 68 புள்ளிகள் வைப்பது பரவலான வழக்கம். அந்தப் புள்ளிகளை இணைத்து முகத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்கிறது. பிறகு இரண்டு முகங்களின் முக்கோணங்களையும், இருவருக்கும் நடுவே அமையும் ஓர் இடத்துக்கு இழுத்தும் சுருக்கியும் கொண்டுவருகிறது. ஒருவருக்குக் கண்கள் சற்று விலகியும் மற்றவருக்கு நெருங்கியும் இருந்தால், புது முகத்தில் இடைவெளி இரண்டுக்கும் நடுவில் இருக்கும். வடிவம் ஒத்துப்போன பிறகுதான் நிறத்தைக் கலக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் இவரிடமிருந்து பாதி, அவரிடமிருந்து பாதி. கிடைப்பது ஒரே முகம். நேரில் யாருக்கும் இல்லாத, ஆனால் இருவருக்கும் உறவுக்காரர் போன்ற முகம்.

அது ஏன் இயந்திரத்தை ஏமாற்றுகிறது? விமான நிலையத்துத் தானியங்கி வாயிலில் நிற்கும்போது, பாஸ்போர்ட்டின் சிப்பில் இருக்கும் படத்தையும் எதிரே இருக்கும் கேமரா அப்போது எடுக்கும் படத்தையும் மென்பொருள் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கதவு திறக்கும். அந்த அளவை மிக உயரத்தில் வைக்க முடியாது. பாஸ்போர்ட் படம் பத்து வருடம் பழையதாக இருக்கலாம். ஆள் இளைத்திருக்கலாம், தாடி வளர்த்திருக்கலாம், இரவு முழுக்கத் தூங்காமல் வந்திருக்கலாம். அவர்களையெல்லாம் தடுத்து நிறுத்தினால் வரிசை நகராது. அதனால் கொஞ்சம் சலுகை கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதிப்பெண் நூற்றுக்கு என்றும், 50 வாங்கினால் கதவு திறக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே ஆளின் இரண்டு படங்கள் 85 வாங்கும். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் 10 வாங்குவார்கள். கலவைப் படமோ கூட்டாளிக்கு எதிராக 62, தேடப்படும் ஆளுக்கு எதிராக 60 என்று வாங்கிவிடும். இரண்டுமே உண்மையான ஆளின் மதிப்பெண்ணைவிடக் குறைவுதான். ஆனால் வயதாகிப்போன ஒரு நேர்மையான பயணியும் அதே 60-ஐத்தான் வாங்குவார். இவரை விட்டால் அவரையும் விட்டாக வேண்டும். ஒப்பீட்டு மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக ஆக ஆக, முகம் மாறியிருந்தாலும் ஆளைக் கண்டுகொள்ளும் திறமை அதற்குக் கூடுகிறது. அந்தத் திறமையே கலவைப் படத்திலும் பாதி ஆளைக் கண்டுகொண்டு கதவைத் திறந்துவிடுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

சிப் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். சிப்பில் உள்ள தகவலுக்கு மேல் பாஸ்போர்ட் கொடுத்த நாட்டின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. பாஸ்போர்ட் வழங்கிய பிறகு யாராவது படத்தை மாற்றினால் அந்தக் கையொப்பம் பொருந்தாமல் போய் உடனே தெரிந்துவிடும். பழைய காலத்துப் படம் ஒட்டும் மோசடியை ஒழித்தது இதுதான். இங்கே யாரும் எதையும் பிறகு மாற்றவில்லையே! அரசே அந்தப் படத்தை ஏற்றுக் கையொப்பம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அட்டை, தாள், அச்சு, சிப் என்று எதைச் சோதித்தாலும் ‘அசல்’ என்றுதான் பதில் வரும்.

ஐரோப்பிய நாடுகளின் பாஸ்போர்ட் சிப்பில் கைரேகையும் இருக்கிறது. கைரேகையைப் பாதி பாதியாகக் கலந்து கொடுக்க முடியாது, அலுவலகத்தில் விரலை வைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கைரேகையைத் திறந்து படிக்க, வழங்கிய நாட்டின் அனுமதிச் சாவி வேண்டும். மற்ற நாடுகளின் எல்லைச் சாவடிகள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. எல்லா நாடுகளும் கட்டாயமாக வைக்க வேண்டியது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்திருப்பது முகப் படத்தை மட்டும்தான். எனவே கடைசியில் எல்லாம் முகத்தில் வந்து நிற்கிறது.

மனிதக் கண்ணாவது பிடிக்குமா? பிரிட்டனில் டேவிட் ராபர்ட்சனும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட சோதனை இது. சாதாரண மக்களிடம் பாதிக்குப் பாதி கலந்த படத்தையும் ஒருவரின் உண்மைப் படத்தையும் காட்டி, ஒரே ஆளா என்று கேட்டார்கள். இப்படி ஒரு மோசடி இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. 100-க்கு 68 தடவை ‘ஒரே ஆள்தான்’ என்று பதில் வந்தது. கலவைப் படங்களும் இருக்கலாம், அவற்றில் இன்னின்ன கோளாறுகள் தெரியும் என்று சொல்லிக் கொடுத்த பிறகு அது 21-ஆகக் குறைந்தது. மனதுக்கு ஆறுதலான முடிவு. ஆனால் அந்தப் படங்கள் அவ்வளவு நேர்த்தியாகச் செய்தவை அல்ல. அதிக நேர்த்தியான படங்களை வைத்து 2019-இல் வேறு ஆய்வாளர்கள் செய்தபோது பயிற்சி பெரிதாகக் கைகொடுக்கவில்லை. தொழிலாகவே இதைச் செய்பவர்களும் விதிவிலக்கு இல்லை. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து 2014-இல் நடத்திய ஒரு சோதனையில், எதிரே நிற்பவர் வேறு ஒருவரின் படத்தோடு வந்திருந்தும், 14 சதவீதத் தடவைகள் ‘இவர்தான்’ என்று ஏற்றுக்கொண்டார்கள். அது கலவைப் படம்கூட இல்லை, முழுக்க வேறு ஆளின் படம்.

அறிமுகம் இல்லாத முகத்தை ஒப்பிடுவதில் நாம் எல்லோருமே பலவீனமானவர்கள். நம் அக்காவை இருபது வருடப் பழைய மங்கல் படத்திலும் கண்டுபிடித்துவிடுவோம். தெரியாதவர் என்றால் நேற்று எடுத்த படமும் தடுமாற வைக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற அதிகாரிகள் ‘மொத்தத்தில் ஜாடை ஒத்துப்போகிறதா’ என்று பார்ப்பதே இல்லை. கலவைப் படத்தின் பலமே மொத்த ஜாடைதான். அவர்கள் முகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள்.

முதலில் காது. முகத்தின் நடுப்பகுதியைக் கலப்பது எளிது. முடியும் காதும் கழுத்தும் கலந்தால் விளிம்புகள் இரட்டையாக நிழலாடும். அதை மறைக்க, கண் மூக்கு வாய் உள்ள நடுப்பகுதியை மட்டும் கலந்து, அதை ஒரே ஆளின் தலைக்குள் பொருத்துவது நடக்கிறது. அந்தத் தலை பெரும்பாலும் அலுவலகத்துக்குப் போகும் கூட்டாளியுடையதாக இருக்கும். அப்படியானால் படத்தில் இருக்கும் காது முழுக்க முழுக்கக் கூட்டாளியின் காது. எல்லையில் நிற்பவரின் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, படத்தில் தொங்குகிறது என்றால், அதற்கு வயதோ மேக்கப்போ காரணமாக இருக்க முடியாது.

அடுத்தது மச்சமும் தழும்பும். கூட்டாளியின் கன்னத்தில் மச்சம் இருந்து, தேடப்படும் ஆளுக்கு அந்த இடத்தில் இல்லை என்றால், கலவையில் அது பாதிக் கருமையோடு வரும். நிஜ மச்சம் தெளிவாக இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். புகை படிந்தது போன்ற அரைகுறை மச்சம் சந்தேகத்துக்குரியது. தோலும் அப்படித்தான். இரண்டு தோல்களைச் சராசரி எடுக்கும்போது துவாரங்களும் சுருக்கங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வயதுக்குப் பொருந்தாத வழவழப்பு வந்துவிடுகிறது.

பிறகு கண்ணின் கருவிழி. ஸ்டூடியோ விளக்கு கருவிழியில் வெள்ளைப் பொட்டாக விழும். இரண்டு படங்களில் விளக்கு இரண்டு இடத்தில் இருந்திருந்தால், கலவையின் கண்ணில் இரண்டு மங்கல் பொட்டுகள் இருக்கும், அல்லது இடது கண்ணில் ஒரு மாதிரியும் வலது கண்ணில் வேறு மாதிரியும் இருக்கும். கருவிழியின் வட்ட விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிவதும் உண்டு. மூக்குத் துவாரத்தின் ஓரம், உதட்டின் நடுக்கோடு, நெற்றியில் முடி தொடங்கும் இடம் ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். சிப்பில் இருக்கும் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றில் சில தெரியும். எல்லாம் தெரியாது. சிப்பில் இடம் குறைவு என்பதால் படத்தை மிகவும் சுருக்கித்தான் வைக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் நுண்ணிய தடயங்கள் பல கரைந்துவிடுகின்றன. விண்ணப்பத்தோடு தாளில் அச்சிட்ட படத்தைக் கொடுத்து, அதை அலுவலகம் ஸ்கேன் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அச்சும் ஸ்கேனும் கலவையின் சுவடுகளைத் தாமாகவே மெழுகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாததைத் தேடும் மென்பொருள்கள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. முதல் வகை, பாஸ்போர்ட் படத்தை மட்டும் தனியாகப் பார்த்து அது கலவையா என்று சொல்லும். ஒவ்வொரு கேமராவின் சென்சாரும் தான் எடுக்கும் படத்தில் தனக்கே உரிய ஒரு மெல்லிய இரைச்சலைப் பதிக்கிறது. இரண்டு படங்களைக் கலந்தால் அந்தப் பதிவு குலைந்துபோகும். இது போன்ற குலைவுகளையும், தோலின் நுணுக்கத்தில் வரும் மாற்றங்களையும் அது தேடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. இத்தகைய மென்பொருள்களைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. 2025 ஆகஸ்டில் எல்லை அதிகாரிகளுக்காக அது வெளியிட்ட வழிகாட்டி ஒரு முக்கியமான பலவீனத்தைச் சொல்கிறது. எந்த மென்பொருளால் கலந்த படம் என்று முன்பே பயின்றிருந்தால், முதல் வகையில் சில கிட்டத்தட்ட எல்லாக் கலவைகளையும் பிடித்துவிடுகின்றன. பழகாத மென்பொருளால் கலந்திருந்தால் 100-க்கு 40-ஐக்கூட எட்டாமல் போகலாம். மோசடி செய்பவர் எதை வைத்துக் கலந்தார் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது வகைக்கு இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று பாஸ்போர்ட்டில் உள்ளது, மற்றது அதிகாரியின் கண் முன்னே எடுத்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத நேரடிப் படம் கையில் இருப்பதுதான் இதன் பலம். போலோன்யாக் குழுவே இதில் ஓர் அழகான வழியைக் கண்டுபிடித்தது. பாஸ்போர்ட் படம் இருவரின் கலவை என்றால், அதிலிருந்து எதிரே நிற்பவரின் பங்கைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கூட்டாளியின் முகமாகத்தானே இருக்க வேண்டும்? கழித்துப் பார்க்கிறார்கள். பயணி நேர்மையானவர் என்றால், அவர் முகத்திலிருந்து அவரையே கழிப்பதால் மிஞ்சும் படமும் அவரைப் போலவே இருக்கும். கலவை என்றால், மிஞ்சும் முகம் எதிரே நிற்பவரை விட்டு விலகி வேறு ஒருவராக மாறத் தொடங்கும். கலந்தவரின் வேலையை அப்படியே பின்னோக்கி ஓட்டுவது போன்றது இது. என்.ஐ.எஸ்.டி. கணக்குப்படி இந்த வகையில் சிறந்தவை, எந்த மென்பொருளால் கலந்திருந்தாலும் 72 முதல் 90 சதவீதம் வரை பிடிக்கின்றன.

இந்த எண்களைக் கேட்டு நிம்மதி அடைவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். நூறு நேர்மையான பயணிகளில் ஒருவரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும்படி மென்பொருளை வைத்திருக்கிறார்கள் என்போம். ஒரு விமான நிலையத்தில் நாளைக்கு 10,000 பேர் வந்தால், நாள்தோறும் 100 அப்பாவிகளுக்கு அபாய மணி அடிக்கும். கலவைப் படத்தோடு வருபவரோ மாதத்துக்கு ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். நூறு தடவை பொய்யாக அடித்த மணியை அடுத்த தடவை எந்த அதிகாரி பொருட்படுத்துவார்? எனவே மணி அடித்தவுடன் யாரையும் கைது செய்வதில்லை. அவரைத் தனி மேசைக்கு அழைத்துப் போகிறார்கள். வேறு அடையாள அட்டைகளைக் கேட்கிறார்கள். பழைய பாஸ்போர்ட் படங்கள் அரசின் கோப்பில் இருந்தால் எடுத்து வரிசையாக வைத்துப் பார்க்கிறார்கள். இருபது வயதில் ஒரு முகம், முப்பதில் அதே முகம், நாற்பதில் திடீரென்று தாடை மாறியிருக்கிறது என்றால் அதைவிட நல்ல சான்று கிடையாது. கைரேகை படிக்க முடிந்தால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

என் கருத்தில், எல்லைச் சாவடியில் செய்யும் இத்தனை பாடும் தாமதமான வைத்தியம். ஓட்டை இருப்பது விண்ணப்பம் வாங்கும் கவுன்ட்டரில். விண்ணப்பிப்பவரே படத்தைக் கொண்டுவரலாம் என்ற ஒற்றை அனுமதியை எடுத்துவிட்டால் இந்த மோசடிக்கு இடமே இல்லை. ஸ்வீடனில் அலுவலகத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போனவர்களுக்கு இது தெரிந்ததுதான். முதல் கவுன்ட்டரில் உட்காரவைத்து அவர்களே படம் பிடித்து, கைரேகையும் எடுத்துக்கொள்கிறார்கள். படம் சுமாராக விழுந்துவிட்டதே என்று நாம் வருத்தப்படுவோம். அந்தச் சுமாரான படம்தான் நம் பெயரை வேறு யாரும் பயன்படுத்தாமல் காக்கிறது. நம்மிடம் படம் கேட்பது சின்னக் குழந்தைகளுக்கும், வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும்தான். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் வீட்டில் எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றும் வசதி இன்னும் இருக்கிறது. அது மக்களுக்குப் பெரிய சௌகரியம்தான், ஆனால் அந்தப் படத்தை யார் எடுத்தார், எங்கே எடுத்தார் என்பது அரசுக்குத் தெரியாது.

பெங் குழுவின் வேலைக்குப் பிறகு ஜெர்மன் உள்துறை அமைச்சகம் அலுவலகத்தில் மட்டுமே படம் எடுக்க வேண்டும் என்று விதிக்கப் பார்த்தது. அந்நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் எங்கள் பிழைப்பு என்னாவது என்று எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2020 டிசம்பரில் வந்த சட்டம் இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது. அலுவலகத்தில் உள்ள கருவியில் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு 6 யூரோ கட்டணம். இல்லாவிட்டால் பதிவு பெற்ற ஸ்டூடியோவில் எடுக்கலாம். ஆனால் ஸ்டூடியோக்காரர் படத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பான சேமிப்பகத்துக்கு நேரே அனுப்பிவிட்டு, ஒரு குறியீட்டுச் சீட்டை மட்டும் கொடுப்பார். அலுவலகத்தில் அந்தச் சீட்டை ஸ்கேன் செய்து படத்தை இறக்கிக்கொள்வார்கள். எடுத்த இடத்திலிருந்து சேர வேண்டிய இடம் வரை, நடுவில் யார் கையும் படாது. 2025 மே 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. வேலை செய்யும் தமிழர்களும் படிக்கும் மாணவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்கள் பாஸ்போர்ட்டுக்குத் தாள் படத்தோடு போனால் இனி வாங்க மாட்டார்கள்.

ஆனால் ஜெர்மனியில் 24 வயது நிரம்பியவர்களுக்கு வழங்கும் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும். புதிய விதி வருவதற்கு முன்பு, கையில் கொண்டுபோன படத்தோடு வழங்கியவை 2035 வரை புழக்கத்தில் இருக்கும். அதுவரை எல்லையில் அமர்ந்திருக்கும் அதிகாரி காதையும் மச்சத்தையும் கண்ணையும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.